ஆறாம் பக்கத்தில் மூன்று வாரம்

வருஷத்தின் நடுவில் வந்து சேரும் பிள்ளைகளுக்கென்று அந்தப் பள்ளியில் ஒரு கையேடு உண்டு. பதினாறு பக்கம். எந்த மாடியில் எந்த வகுப்பு, கால அட்டவணையை எப்படிப் படிப்பது, விட்டுப்போன பாடங்களுக்கு யாரைப் பார்ப்பது, முதல் வாரம் கூட வரும் துணை மாணவி யார் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைத் தயாரிப்பது புவியியல் டீச்சரின் பொறுப்பு. மற்றவர்கள் தட்டிக்கழித்த வேலை நான்கு வருஷத்துக்கு முன்பு அவர் தலையில் விழுந்தது. நன்றாகவே செய்துவந்தார், இந்த வருஷம் வரைக்கும்.

வருஷத் தொடக்கத்தில் ஒரு சுற்றறிக்கை வந்தது. விருப்பப் பாடத்தை மாற்ற, சேர்ந்த நாளிலிருந்து இருந்த மூன்று வார அவகாசம் இனிப் பத்து வேலை நாள்தான். படித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டார் டீச்சர். ஆனால் மூன்று வாரம் என்றே அச்சடித்த பழைய பிரதி நாற்பது அலமாரியில் மிச்சம். நடுவில் வருவது வருஷத்துக்கு நாலு பேரோ ஐந்து பேரோ. ஒரு திருத்தச் சீட்டு அடித்து ஆறாம் பக்கத்தில் ஒட்டினால் போதும், அரை மணி நேர வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர் அப்படியே மறந்துபோனார்.

பள்ளி திறந்த ஐந்தாம் மாதம் ஒரு பெண் வந்தாள். பதினோராம் வகுப்பு. அம்மாவுக்கு வேலை மாற்றம். இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது பள்ளி. பழைய பள்ளியில் உயிரியல் படித்தவளை, இங்கே அலுவலகத்தில் கணினி அறிவியலில் போட்டிருந்தார்கள். கையேட்டை வரி விடாமல் படித்து, பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் சந்தேகங்கள் எழுதிவைத்திருந்தாள். இரண்டு வாரம் கணினி வகுப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, பதிமூன்றாவது வேலை நாளன்று படிவத்தோடு துணை முதல்வர் அறைக்குப் போனாள். டீச்சரும் அங்கேதான் இருந்தார்.

"பத்து நாள் தாண்டிடுச்சேம்மா. உயிரியல் ஆய்வகத்துல கடைசி இடத்தையும் முந்தாநாள் கொடுத்தாச்சு. கையேட்டைப் பாக்கலியா?" என்றார் துணை முதல்வர்.

"பாத்தேன் சார். மூணு வாரம்னு நெனச்சேன்..." அவள் குரல் தேய்ந்தது. "நான்தான் தப்பாப் படிச்சிருப்பேன்."

துணை முதல்வர் டீச்சரைப் பார்த்தார். "கையேட்டுல சரியாத்தானே இருக்கு?"

டீச்சர் வாயில் "பாக்கிறேன் சார்" என்று மட்டும் வந்தது. அந்த இரண்டு வார்த்தையோடு அவள் படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே போனாள்.

அன்று இரவு டீச்சர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். கணவர் கேட்டதற்குத் தலைவலி என்றார். கையேட்டைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வரியை அடித்தது அவர் விரல்கள்தான். தப்பு நடந்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெண் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டபோது, மனசுக்குள் ஒரு நொடி 'அப்பாடா' என்று தோன்றியதே, அதுதான் குடைந்தது.

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே துணை முதல்வரிடம் போய், "அவ தப்பில்ல சார், என் தப்பு. நேத்தே சொல்லியிருக்கணும்" என்று பழைய பக்கத்தையும் சுற்றறிக்கையையும் அடுத்தடுத்து வைத்தார். துணை முதல்வர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தேதியை நான் விட்டுக்கொடுக்கலாம். ஆய்வகத்துல மேசைக்கு எங்க போறது?"

உயிரியல் டீச்சரிடம் கெஞ்சியதில் பாதி வழி திறந்தது. வகுப்புக்கு உடனே வரலாம். செய்முறைக்கு மட்டும், இடம் காலியாகும் வரை சனிக்கிழமைகளில் தனியாக வரவேண்டும். அந்த நாட்களில் அவளோடு உட்காரத் தானே வருவதாகப் புவியியல் டீச்சர் ஒப்புக்கொண்டார்.

இடைவேளையில் அவளை மாடிப்படி அருகே நிறுத்திச் சொன்னார். "கையேட்டுல மூணு வாரம்னுதான் இருந்துச்சு. நீ சரியாத்தான் படிச்ச. மாத்தாம விட்டது நான். நேத்து அதைச் சொல்லாம நின்னதும் நான்தான். இனி நீ உயிரியலுக்கே போகலாம், செய்முறை மட்டும் சனிக்கிழமை."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தது எவ்வளவு மடத்தனம் என்று உடனே தெரிந்தது. அவள் முகம் கோணியது. "நேத்து வீட்டுல அம்மா அவ்ளோ திட்டினாங்க மிஸ். எங்க போனாலும் கவனமே இல்லன்னு. நானும் ஆமான்னு சொல்லிட்டேன்."

டீச்சர் அலுவலகத் தொலைபேசியில் அவள் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் கோபம் வெடிக்கும் என்று காத்திருந்தார்.

"காலையில அவ கிளம்பும்போது நான் முகம் கொடுத்தே பேசல" என்றாள் அந்த அம்மா. "பள்ளி எத்தனை மணிக்கு விடும்? நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."