பதியாத பங்குகள்

"இந்தப் பங்கு யாரோடதும்மா?" என்று கேட்டாள் கவுன்ட்டர் பெண்.

"எங்க வீட்டுக்காரர்."

"அவர் பேர் இதுல இல்லையே."

அவள் பங்குப் பத்திரத்தைத் திருப்பிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். எதிரே நின்ற பெண்மணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். முன்பக்கத்தில் ஒரு பெயர். பின்பக்கத்தில் கட்டம் போட்ட அட்டவணை. அதில் ஒரு பெயருக்குக் கீழே இன்னொரு பெயர், பக்கத்தில் தேதியும் முத்திரையும். எதுவும் கணவருடையது அல்ல.

இந்த கவுன்ட்டருக்கு வருவது அவளுக்கு மூன்றாவது தடவை. முதல் தடவை, பத்திரத்தில் அச்சடித்த கம்பெனியே இப்போது இல்லை என்றார்கள். அது வேறொரு கம்பெனியோடு சேர்ந்துவிட்டதாம். புதிய கம்பெனிக்கு போன் செய்து, அதன் பங்குப் பதிவேட்டையும் பார்த்துக்கொள்வது இதே அலுவலகம்தான் என்று தெரிந்துகொண்டு மறுபடி வந்தாள். இரண்டாம் தடவை இறப்புச் சான்றிதழின் அசல் வேண்டும் என்றார்கள். இன்று அசலும் இருக்கிறது, உயிலும் இருக்கிறது. கணவர் பெயர்தான் இல்லை.

"அவர் வாங்கினதும்மா. ப்ரோக்கர் பில்கூட இருக்கு, பாரு."

கவுன்ட்டர் பெண் பில்லில் இருந்த பத்திர எண்களைப் பத்திரத்தோடு ஒப்பிட்டாள். பிறகு பத்திரத்தில் குண்டூசியால் குத்தியிருந்த மஞ்சளடைந்த தாளைப் பிரித்தாள்.

"வாங்கியிருக்கார், ஆனா பேர் மாத்த அனுப்பல. இதுதான் மாத்துற படிவம். வித்தவர் கையெழுத்து இருக்கு, வாங்குறவர் இடம் காலியா விட்டிருக்கு. அந்தக் காலத்துல நிறைய பேர் இப்படித்தான் வச்சுக்குவாங்க. திரும்ப விக்கணும்னா இதை அப்படியே கைமாத்திடலாம்."

"அவருக்குத் தபால் மேல நம்பிக்கை கிடையாது. அனுப்பினா தொலைஞ்சுடும்பார்."

"தொலையாம இருந்துதான் இவ்வளவு கஷ்டம்."

அதற்கு அந்தப் பெண்மணிக்குச் சிரிப்பு வந்தது. கால் வலியில் அது முழுசாக வெளியே வரவில்லை.

"பழைய படிவம் காலாவதி ஆயிடுச்சும்மா. புதுசா ஒண்ணு தர்றேன். பதிவேட்டுல கடைசியா இருக்கிறவர், அதாவது வித்தவர், மறுபடி கையெழுத்துப் போடணும். வாங்குறவர் இடத்துல, வாரிசுன்னு உங்க பேர். எங்ககிட்ட இருக்கிற அவரோட மாதிரிக் கையெழுத்தோட ஒத்துப்போகலேன்னா, அவரோட பேங்க் அதிகாரி முன்னாடி போட்டு சான்று வாங்கணும்."

"அவர் எங்க இருக்காரோ."

"விலாசம் நாங்க சொல்லக் கூடாது. சாட்சி போட்டவர் விலாசம் அந்தப் பழைய படிவத்துலேயே இருக்கு. அங்க போய்ப் பாருங்க."

"வித்தவர் போய்ச் சேர்ந்திருந்தா?"

"அவரோட வாரிசுகளைப் பிடிக்கணும். முடியலேன்னா கோர்ட்."

வாசலில் இறங்குவதற்குள் கொழுந்தன் போன் செய்துவிட்டான்.

"என்னாச்சு அண்ணி? நம்ம வீட்டை விலைக்குக் கேக்கிறவர் மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லுன்னு நிக்கிறார். வீட்டுல என் பாதிக்கான பணத்தை நீங்க கொடுத்துட்டா நான் ஏன் விக்கப்போறேன்?"

"இந்தப் பங்கை வித்துத்தான் தர்றேன்னு சொன்னேன்ல. ஒருத்தர் கையெழுத்து வேணுமாம். அவரைத் தேடணும்."

"அவர்கிட்ட விவரமெல்லாம் சொல்லாதீங்க. ஏதோ பழைய காகிதம்னு சொல்லி வாங்கிடுங்க. சொன்னீங்கன்னா, 'என் பேர்ல இருக்கு, என்னுது'ம்பார்."

அவள் போனைப் பையில் போட்டாள். பேருந்து வந்துவிட்டது.

சாட்சியின் விலாசம் ஒரு மருந்துக் கடை. நல்ல வேளை, கடை இன்னும் இருந்தது. கல்லாவில் இருந்தவர் தன் பழைய கையெழுத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"நான்தான். அப்போ காலேஜ் படிச்சேன். அப்பா 'இங்க போடுறா'ன்னார், போட்டேன்."

"அப்பா?"

"உள்ளதான் இருக்கார். காது கொஞ்சம் மந்தம். நீங்க எதுக்குத் தேடுறீங்க?"

மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் எதிர் முக்காலியில் உட்கார்ந்தாள். வரும் வழியெல்லாம் கொழுந்தன் சொல்லிக்கொடுத்ததைத்தான் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாள். ஒரு பழைய காகிதம், ஒரே ஒரு கையெழுத்து. ஆனால் வாய் திறந்தபோது அதைச் சோடித்துச் சொல்லத் தெம்பில்லை. உள்ளதையே சொன்னாள்.

"ஐயா, நீங்க வித்த பங்கை எங்க வீட்டுக்காரர் வாங்கினார். பேர் மாத்தல. அவர் போய் ஏழு மாசமாச்சு. பதிவேட்டுல இது இன்னும் உங்க பேர்லதான் இருக்கு."

பெரியவர் காதைத் திருப்பினார். மகன் அதையே சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"அப்போ சட்டப்படி இது அப்பாவுதுதானே?"

"அப்படிச் சொல்ல வழி இருக்கு. பத்திரமும் ப்ரோக்கர் பில்லும் என்கிட்ட இருக்கு. கோர்ட்டுக்குப் போனா ரெண்டு பேரும் வருஷக்கணக்கா அலையணும். எனக்கு அலைய முடியாதுங்க."

"கொஞ்சம் யோசிக்கணும்மா. வக்கீல் ஒருத்தரைக் கேட்டுட்டு..."

"எதுக்குடா வக்கீல்?" என்றார் பெரியவர்.

"இல்லப்பா, கம்பெனி இப்போ பெருசாயிடுச்சு. உங்க பேர்ல இருக்கிறதை..."

"வித்தேன்டா. காசு வாங்கினேன். வெளிய மருந்து வைக்கிற குளிர்பெட்டி இருக்கே, முதல் பெட்டி அந்தக் காசுலதான் வந்தது. ஊசி மருந்து விக்க ஆரம்பிச்சதே அப்புறம்தான். இப்போ போய் என்னுதுங்கவா?"

"நான் கேக்கத்தானே சொன்னேன்."

"கேட்டாச்சுல்ல. பேனா கொடு." பிறகு அவளைப் பார்த்து, "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷம் என்ன பண்ணினார்?"

"பத்திரமா வச்சிருந்தார்."

"அது தெரியுது."

அவர் வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்த கையெழுத்து, பழைய படிவத்தில் இருந்ததன் பக்கத்தில் காற்றில் பறந்த நூல்போல் இருந்தது. மகன் இரண்டையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இது ஒத்துவராது. பேங்க்லதான் போடணும். கடையை மூடிட்டு வர்றேன், வாங்க."

மூன்று பேரும் ஒரே வண்டியில் போனார்கள். பேங்க் அதிகாரி சின்ன வயதுக்காரர். பெரியவரின் அடையாள அட்டையைப் பார்த்தார், படிவத்தைப் படித்தார்.

"ஐயா, என்னன்னு தெரிஞ்சுதான் போடுறீங்களா?"

"இந்தம்மா சொல்லிட்டாங்க. இல்லேன்னா வந்திருக்கவே மாட்டேன்."

நாக்கைக் கடித்துக்கொண்டு, கால் நிமிஷம் எடுத்துப் போட்டார். அதிகாரி பக்கத்தில் தன் கையெழுத்தும் பெயரும் எழுதி முத்திரை குத்தினார்.

மறுநாள் நான்காவது தடவையாக அதே கவுன்ட்டர். கவுன்ட்டர் பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். பத்திரம், புதிய படிவம், ப்ரோக்கர் பில், இறப்புச் சான்றிதழ், உயில். அந்தப் பெண்மணி அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒன்று குறைகிறது என்று சொல்லிவிட்டால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவாள்போல் இருந்தது.

"சரியா இருக்கும்மா. சரிபார்த்து உங்க பேருக்கு மாத்த ஆறு வாரமாவது ஆகும். கொடுக்காம தேங்கியிருக்கிற டிவிடெண்டுக்குத் தனியா எழுதிக் கொடுக்கணும். அதுக்கு அப்புறம் வாங்க."

"மறுபடியுமா?"

"அது தபால்லேயே அனுப்பலாம்."

பெற்றுக்கொண்டதற்கான ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடியே கொழுந்தனுக்கு போன் செய்தாள்.

"உள்ள வாங்கிக்கிட்டாங்க. ரசீது இருக்கு. ஆறு வாரமாவது ஆகுமாம்."

"ஆறு வாரமா? மாசக் கடைசிக்குப் பத்து நாள்தான் இருக்கு அண்ணி."

"தெரியும். அதுக்கு மேல என்னால ஓட முடியாதுப்பா. விக்கிறதுன்னா வித்துக்கோ, எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, போடறேன்."

கொழுந்தன் பேச்சை மாற்றினான்.

"அந்த ஆள்கிட்ட எப்படிக் கையெழுத்து வாங்கினீங்க?"

"உள்ளதைச் சொன்னேன்."

"சொல்லியுமா போட்டார்?"

"போட்டார். பேங்க் வரைக்கும் வந்து போட்டார்."

"யாரோ ஒருத்தர், அவரே இவ்வளவு தூரம் வந்திருக்கார்." என்றான் கொழுந்தன். "சரி, கேக்கிறவர்கிட்ட வீடு விக்கிறதுக்கில்லேன்னு சொல்லிடறேன். ஆறு வாரமோ பத்து வாரமோ, வரட்டும். நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க, அண்ணி."