ஐம்பத்து நாலு நாள்

சம்சுல் ஆலத்திடம் கப்பலைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், மனிதர் சோறு தண்ணி மறந்துவிடுவார். கொடைக்கானல் கடைத்தெருவில் ஆஸ்பத்திரிகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெளிநாட்டுச் சாமானைத் துறைமுகத்திலிருந்து எடுத்துத் தரும் ஏஜெண்டு அவர். கடலைப் பார்ப்பது வருஷத்துக்கு நாலு தடவை. பேச்சைக் கேட்டால் கப்பலை அவரே ஓட்டிவந்தது போலிருக்கும். இது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வாய் நிற்காது.

அறுபத்தொன்பது ஜனவரியில் டாக்டர் விசாலாட்சியின் ஆஸ்பத்திரிக்கு ஜெர்மனியிலிருந்து எக்ஸ்ரே மெஷின் கிளம்பியது. வழக்கமான மரப்பெட்டியில் அல்ல, கன்டெய்னர் என்ற இருபதடி இரும்புப் பெட்டியில்.

"எப்ப வரும் பாய்? மெஷினைப் பூட்ட வர்ற இன்ஜினியருக்கு நாலே நாள்தான் ஒழியுமாம். தேதி சொல்லணும்" என்றார் டாக்டர்.

"சூயஸ் கால்வாய் மூடிக் கெடக்குங்க டாக்டரம்மா. ஆப்பிரிக்காவைச் சுத்தித்தான் வரணும். ஓட்டம் முப்பத்திரண்டு நாள், நடுவுல எண்ணெய் போட நிக்கிறது நாலு. மெட்ராஸ்ல கரை காலியாகுற வரைக்கும் வெளிக்கடல்ல ஒம்பது. இறக்க ரெண்டு, கஸ்டம்ஸுக்கு அஞ்சு, லாரிக்கு ரெண்டு. ஐம்பத்து நாலாம் நாள் பெட்டியோட உங்க வாசல்ல நிப்பேன்!"

ஐம்பத்தைந்தாம் நாளிலிருந்து இன்ஜினியருக்கு நாள் குறித்தார் டாக்டர்.

வெறும் வியாபாரமாக இருந்தால் பரவாயில்லை. சம்சுலின் மனைவி மரியம் பீவிக்கு மூன்று மாதமாக விடாத இருமல். படம் எடுக்காமல் மருந்தை மாற்ற முடியாது என்றுவிட்டார் டாக்டர். மதுரைக்குக் கூட்டிப்போனபோது பாதி மலையிலேயே மயங்கி விழுந்து, பஸ்ஸைத் திருப்ப வேண்டியதாகிவிட்டது. மெஷின்தான் அவளிடம் வர வேண்டும். முதல் படம் அவளுக்கு என்று டாக்டர் எழுதியே வைத்திருந்தார்.

கப்பல் சொன்னபடி கேட்டது. முப்பத்தாறாம் நாள் மெட்ராஸ் வெளிக்கடல். மிகச் சரியாக ஒன்பது நாள் காத்திருப்பு. நாற்பத்தேழாம் நாள் பெட்டி தரையில். சம்சுலுக்குத் தலைகால் புரியவில்லை. துறைமுகத்துக்குத் தன்னோடு வந்திருந்த லாரி டிரைவர் திருமலைச்சாமியிடம் ஒரே கதையை மூன்று தடவை சொன்னார்.

கஸ்டம்ஸும் ஐந்தாம் நாளே சாமானுக்குக் கையெழுத்துப் போட்டது. பிறகு அதிகாரி நிமிர்ந்து கேட்டார்:

"மெஷினுக்குச் சரி. இந்த இரும்புப் பெட்டிக்கு?"

"அது பெட்டிதானுங்களே சார்!"

"கப்பல் கம்பெனியோட சொத்து. ஆறு மாசத்துல திருப்பி அனுப்புவேன்னு பேங்க் ஜாமீனோட பத்திரம் குடுங்க. இல்லாட்டி பெட்டிக்கும் தீர்வை."

கடல், கரை, கையெழுத்து எல்லாவற்றுக்கும் நாள் போட்டவர் பெட்டிக்குப் போடவில்லை. மரப்பெட்டியென்றால் உடைத்து அடுப்பில் வைத்துவிடுவார்கள். அதற்கு யார் ஜாமீன் கேட்டார்கள்? ஐந்து நாள் பேங்குக்கும் கப்பல் ஏஜெண்டுக்கும் கஸ்டம்ஸுக்கும் நாயாய் அலைந்தார். பெட்டியோடு வருவதாகச் சொல்லித் தொலைத்திருந்தாரே!

அலைச்சலின் ஐந்தாம் நாள் திருமலைச்சாமி தலையைச் சொறிந்தான்.

"பாய், நான் ஒண்ணு கேக்கட்டா? நம்ம லாரி பதினாறடி. இருபதடிப் பெட்டியை ஏத்தி, டம்டம் பாறை வளைவுல எப்படித் திருப்புறது?"

சம்சுல் முப்பது வருஷமாக ஏறி இறங்கும் மலை. ஆப்பிரிக்காவின் முனையில் கப்பலைத் திருப்பத் தெரிந்த பெரிய மனுஷனுக்குத் தன் ஊர் வளைவு ஞாபகமில்லை. எப்படியும் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும். அதை இங்கேயே திறந்தால் என்ன?

ஓடினார். அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தாராளமா. சாமானை எடுத்துக்கிட்டுப் பெட்டியை இங்கயே விட்டா பத்திரம் எதுக்கு? முதல் நாளே சொல்லியிருப்பேனே. நீங்கதான் பெட்டியோட வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க."

அன்றே பெட்டியைத் திறந்து மெஷினை லாரியில் ஏற்றினார்கள். "வெரசாப் போ திருமலை, வெரசாப் போ" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார் சம்சுல்.

ஐம்பத்தொன்பதாம் நாள் மத்தியானம் லாரி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. டாக்டர் வெளியே வந்தார். சத்தம் போடவில்லை, போட்டிருக்கலாம்.

"நாலு நாள் காத்திருந்து பார்த்துட்டு, இன்ஜினியர் காலையிலதான் மலை இறங்கிப் போனார் பாய். இன்னொருத்தரை அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்திருக்கேன்."

வீட்டில் மரியம் பீவி போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். சேதி அவளுக்கு முன்பே வந்துவிட்டது. செருப்பைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றார். தன் வாயை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது பயமாக இருந்தது.

"அடுத்த ஆள் வர எத்தனை நாளாகுமுங்க?" என்று கேட்டாள்.

விரல்கள் பழக்கத்தில் மடங்கத் தொடங்கின. சம்சுல் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தெரியல மரியம்" என்றார்.

அவள் இருமி முடித்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்ப நெசமாவே ரொம்ப நாளாகும் போலிருக்கு" என்றாள்.