தூங்கச் சொன்னவர்

குடியிருப்போர் கூட்டத்துக்கு மைக் கட்ட வந்த எலக்ட்ரீசியன் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாய் கோணினாலோ, தூக்கின கை தானா இறங்கினாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமா இருக்கலாம். ஒண்ணு தெரிஞ்சாலே மணியைப் பார்த்துக்கிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க," என்றார் பக்கவாதம் பற்றிப் பேச வந்திருந்த நர்ஸ். "மூளை ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கிற மருந்தை நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். ஒவ்வொரு நிமிஷமும் மூளை செத்துக்கிட்டே இருக்கும்."

போன வருஷம் ஒரு காலையில் மனைவிக்குப் பேச்சு குழறியபோது, "தூங்கி எழுந்தா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனவர் அந்த எலக்ட்ரீசியன். சாயங்காலம்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவள் இன்னும் பேசவில்லை.

அவர் நர்ஸிடம் போய் நடந்ததைச் சொன்னார். "உடனே கூட்டிட்டு வந்திருந்தா பேசியிருப்பாளா, சிஸ்டர்?"

நர்ஸ் தயங்கினார். "உறுதியாச் சொல்ல முடியாதுண்ணே. வாய்ப்பு கூடுதலா இருந்திருக்கும்."

எலக்ட்ரீசியன் மைக்கை வாங்கினார். "என் வீட்டுக்காரியை நான் தூங்கச் சொன்னேன். நீங்க யாரும் அப்படிச் சொல்லிடாதீங்க," என்றார்.