கண் கரண்டியால் அள்ளிய சோறு

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வந்து, புதுச் சேலையைக்கூட மாற்றாமல் கோழி கழுவிக்கொண்டிருந்தாள் சிலுவையம்மாள். பக்கத்து வீட்டு மலிகா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"எக்கா, கைய தொடச்சிக்கினு வா. உம் பொண்ணு மெர்லின் பிரியாணி போட்டுக்கீறா! இருநூத்தி முப்பது பேரு லைக் போட்டுட்டாங்க."

மெர்லின் கல்யாணமாகி மெல்போர்னுக்குப் போய் ஏழு மாதம். போன மாதம்தான் வேறு வீட்டுக்கு மாறினார்கள். எட்டு நாளாக அவளிடமிருந்து போன் இல்லை. "போன் ரிப்பேர் அத்தை" என்று மாப்பிள்ளை அலெக்ஸாண்டர் மட்டும் ஒரு வரி அனுப்பியிருந்தான். ராயபுரத்து அம்மாவிடம் பேசாமல் எட்டு நாள் இருக்கும் பெண் இல்லை அவள். அந்த எட்டு நாளும் சிலுவையம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கட்டிலில் சாய்ந்திருந்த சவரிநாதன் எழுந்து உட்கார்ந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் மூட்டை இறக்கிய உடம்பு. இப்போது முட்டி மடங்காது. "குட்றி பாப்போம். எம் பொண்ணு சமச்சத நான் பாக்க வாணாமா?"

"நானே படிக்கிறேன், யாரும் வாயத் தொறக்காதீங்க" என்றாள் சிலுவையம்மாள்.

காசிமேட்டில் மீனுக்கு ஐஸ் உடைத்துக் கூடையில் சுமந்த கை அது. ஐம்பது வயதுக்கு மேல், மாதா கோயில் ஹாலில் நடந்த வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றாள். இன்றைக்கும் எழுத்து எழுத்தாகத்தான் கூட்டுவாள். ஆனால் கூட்டியதை விடமாட்டாள்.

முதலில் படம். வெள்ளைத் தட்டில் பிரியாணி, கத்திரிக்காய் தொக்கு, தயிர் வெங்காயம், ஓரத்தில் பிரெட் அல்வா. தட்டுக்குப் பின்னால் மெர்லின் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அங்கே டிசம்பரில் தார் உருகும் வெயில் என்று அவளே சொல்லியிருக்கிறாள். இருந்தும் மணிக்கட்டு மூடும் முழுக்கைச் சட்டை. வலது கை தட்டைப் பிடித்திருக்கிறது. இடது கை படத்தில் இல்லை.

படத்துக்குக் கீழே இரண்டே வரி தெரிந்தது.

'புது வீட்டில் முதல் கிறிஸ்துமஸ் விருந்து. நான் ஒருத்தியே சமைத்தேன். சமையலறை முழுக்க அம்மா குரல்தான்…'

"அந்த 'மேலும்'னு கீது பாரு, அத்த அமுக்குனாத்தான் மிச்சம் வரும்" என்றாள் மலிகா.

அமுக்கினாள். நீளமாக விரிந்தது. விரலை வைத்து வரி வரியாகப் போனாள்.

'அம்மா சொல்லுவாங்க: பலகைக்கு அடியில் ஈரத்துணி போடு, நகராது. பூண்டைக் கையால உரிக்காதே. டப்பாவுல போட்டு மூடிக் குலுக்கு, தோல் தானா கழண்டுக்கும்…'

"அட, எனுக்கு இது தெரியாதே!" என்றாள் மலிகா.

சிலுவையம்மாளின் விரல் நின்றுவிட்டது. மறுபடி முதல் எழுத்திலிருந்து கூட்டினாள். இதையெல்லாம் மகளுக்குப் போனில் அவள் சொன்னதே இல்லை.

'தக்காளியை வெட்டாதே, சட்டியிலேயே உள்ளங்கையால நசுக்கு. அரைவேக்காட்டுச் சோத்தை வடிக்காதே, கண் கரண்டியால அள்ளி அள்ளிக் கறி மேல போடு. தம் போட மூடி மேல காலிக் குடத்தை வெச்சிட்டு, அப்புறமா சொம்பால தண்ணி ஊத்தி ரொப்பு.'

அதன் கீழே #அம்மாகைப்பக்குவம் என்று போட்டு, புருஷன் பெயரையும் சேர்த்திருந்தாள்.

"எக்கா, இன்னா இது?" மலிகா சிரித்தாள். "நீ டேக்சாவ ரெண்டு பக்கமும் துணி போட்டுப் புடிச்சி ஒரே சாய்ப்பா சாய்ச்சி வடிப்பியே. தெருவே பாத்துகினு நிக்கும். கண் கரண்டியால அள்ளிகினு இருந்தா மிச்ச சோறு கொழஞ்சிடாது? பொண்ணு மறந்துட்டா போல."

"மறக்கல" என்றாள் சிலுவையம்மாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள்.

பதினாலு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ். உடைந்த எலும்புக்கு, இடது கை முழுக்கப் புத்தூர் கட்டு. விருந்துக்கு ஆள் வருகிறார்கள், சமைத்தாக வேண்டும். ஒற்றைக் கையால் சமைத்தாள். பத்து வயது மெர்லின் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் அழக் கூடாது என்று, செய்கிற ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தாள். ஈரத்துணி, டப்பா, உள்ளங்கை, கண் கரண்டி, குடம். எல்லாம் அன்றைக்குச் சொன்னது. அந்த ஒரு நாள் மட்டும் சொன்னது.

மீன் ஏலத்தில் வழுக்கி விழுந்தேன் என்று தெருவுக்குச் சொல்லியிருந்தாள். உண்மை மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் எதிரே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

சவரிநாதனின் முகம் சாம்பலாகியிருந்தது. அவருக்கும் புரிந்துவிட்டது.

"மலிகா, உங்க ஹெப்சிபாவுக்குப் போன் போடு. இப்பவே."

மலிகாவின் மகள் ஹெப்சிபா அதே ஊரில் நர்ஸ். மெர்லின் வீட்டுக்குக் காரில் அரை மணி நேரம்.

"எதுக்குக்கா? அவளும் 'எனுக்கும் எடுத்து வை'ன்னு கீழ எழுதிக்கீறா பாரு…"

"எம் பொண்ணுக்குக் கை ஒடஞ்சிருக்கு மலிகா. அவன் ஒடச்சிருக்கான்."

"இன்னாக்கா பேசற? படத்துல சிரிச்சிகினு கீறா!"

"இவளே," சவரிநாதன் மெல்ல இழுத்தார். "நல்ல நாளும் அதுவுமா… தப்பா இருந்தா மாப்ள வூட்ல இன்னா நெனப்பாங்க?"

சிலுவையம்மாள் அவரைப் பார்க்கவில்லை. மலிகாவைத்தான் பார்த்தாள்.

"அது ஒத்தக் கையால சமைக்கிற சமையலு. நான் அன்னிக்கு வழுக்கி வுழல. இந்த மனுஷன் முறுக்கி ஒடச்சாரு. அன்னிக்கு எம் பொண்ணுக்குச் சொன்னத, எழுத்து மாறாம இன்னிக்கு எழுதிக்கீறா. எது போட்டாலும் மாப்ளதான் பாத்துட்டுப் போடுவாருன்னு மின்னமே சொன்னா. பெருமைன்னு நெனச்சேனே, பாவி! அவன் படிச்சா சமையல் குறிப்பு. நான் படிச்சா…"

மலிகா வாயில் கை வைத்தாள். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருடம் 'அண்ணே, அண்ணே' என்று அழைத்த ஆள். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

ஹெப்சிபா கேட்டுவிட்டு, "பெரிம்மா, நீ கமெண்ட்ல ஒண்ணும் எழுதாத, அவனுக்கும் போன் போடாத. பிரியாணி வாங்க வந்த மாதிரி போறேன். கதவு தொறக்கலன்னா போலீசக் கூப்புட்றேன்" என்று வைத்துவிட்டாள்.

கோழி பாத்திரத்திலேயே கிடந்தது. ஈ மொய்த்தது. யாரும் ஓட்டவில்லை. வெளியே பட்டாசு வெடித்தது. மலிகாவின் போனில் கமெண்ட் மட்டும் வந்துகொண்டே இருந்தது. 'கைப்பக்குவம் சூப்பர்.' 'அம்மான்னா அம்மாதான்.' 'மாப்ள குடுத்து வெச்சவரு.' ஒவ்வொன்றையும் சிலுவையம்மாள் கூட்டிப் படித்தாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஹெப்சிபாவின் குரல் செய்தி வந்தது.

"பெரிம்மா, மெர்லின் என் கார்ல கீறா. இடது மணிக்கட்டு வீங்கிப் போயி விரலு அசையல. ஒரு வாரமா வெறும் துணி சுத்திகினு இருந்திருக்கா. அவன் சத்தம் போட்டான், போலீஸ் வந்திச்சி. ஆஸ்பத்திரிக்குப் போய்கினு இருக்கோம். இரு, பேசறா."

மூச்சுச் சத்தம். அப்புறம் மெர்லின். "எம்மா… படிச்சியா? யாராச்சும் படிச்சிக் காட்டுனாங்களா?"

சிலுவையம்மாள் பதில் பட்டனை அழுத்திப் பிடித்தாள். "நானேதாண்டி படிச்சேன்."

பிறகு அந்தப் படத்தை மறுபடி திறந்தாள். அடியில் காலியாக இருந்த பெட்டியைத் தொட்டாள். இதுவரை அதில் அவள் ஒரு எழுத்துப் போட்டதில்லை.

"இன்னாமே எழுதப் போற?" என்றார் சவரிநாதன்.

'அ' எங்கே என்று தேடினாள். ஒவ்வொரு எழுத்தாக அமுக்கினாள். கட்டிலிலிருந்து அவருக்குத் திரை தெரிந்தது. அவரும் எழுத்து எழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

'அந்த அம்மா நான்தான். அது என் கைப்பக்குவம் இல்லை. என் கை உடைந்திருந்த நாளில் சமைத்தது. உடைத்தது என் புருஷன்.'

ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள். பிழை இல்லை. அனுப்பினாள்.