காரக் கரைசலில் சமன் செய்க

எனக்குக் கோபமே வராது என்று யாராவது சொன்னால் அந்த ஆள் எங்கள் பள்ளிக்கூடத்துப் பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம். உப்பளம் பகுதியில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். பெயர் மிக்கேல். பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் வேறு. அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

பதினொன்றாம் வகுப்பில் வேதியியலில் தவறிய ஐந்து பேருக்கு மே மாதம் மறுதேர்வு வைத்தோம். எழுபதுக்கு இருபத்து மூன்று எடுத்தால் பாஸ். நால்வர் தேறிவிட்டார்கள். பூவிழி மட்டும் இருபத்திரண்டு. மறுதேர்விலும் போனால் அதே வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வேண்டும்.

முடிவு சொன்ன மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு அவள் அம்மா கலைவாணி ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர். வியாபாரத்தை முடித்த கையோடு வந்திருந்தார். பின்னால் பூவிழி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

"ஒரு மார்க்குதான சார்?" என்றார் கலைவாணி.

"ஒரு மார்க்தாம்மா. அத உங்க பொண்ணுதான் எடுத்திருக்கணும்."

"இவ தங்கச்சி மேனகா இந்த வருசம் பதினொண்ணுக்கு வர்றா சார். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல குந்தணுமாம். அதுக்கு நான் பள்ளிக்கூடமே போவலன்றா. ரெண்டு நாளா சாப்புடல."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மனசு ஒரு மாதிரி ஆகிறவர்களுக்கெல்லாம் மார்க் போட ஆரம்பித்தால் கடை நடத்த முடியாது. "படிக்கிறப்ப படிச்சிருக்கணும்" என்றேன்.

"பதினாறாவது கேள்வி சரியாத்தான் போட்டேன்னு சொல்றா. அத மட்டும் பாத்துச் சொல்லிடுங்க. தப்புன்னா நான் போயிடறேன்."

விடைத்தாளை எடுத்தேன். பதினாறாவது கேள்வி மூன்று மார்க். பெர்மாங்கனேட்டும் புரோமைடும் சேர்ந்து மாங்கனீசு டை ஆக்சைடும் புரோமேட்டும் ஆகின்றன. அரைவினை முறையில் சமன் செய்ய வேண்டும். இரண்டு அரைவினைக்கு இரண்டு மார்க், கடைசிச் சமன்பாட்டுக்கு ஒன்று. அரைவினைகளுக்கு இரண்டும் கொடுத்திருந்தேன். கடைசி வரியில் OH⁻ என்று எழுதியிருந்தாள். அதைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தேன்: 'கேள்வியைப் படித்துவிட்டு விடை எழுதவும்.'

என் விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்தேன். அதில் இருப்பது இது:

2MnO₄⁻ + Br⁻ + 2H⁺ → 2MnO₂ + BrO₃⁻ + H₂O

பூவிழி எழுதியது இது:

2MnO₄⁻ + Br⁻ + H₂O → 2MnO₂ + BrO₃⁻ + 2OH⁻

"பாரும்மா, ரெண்டும் வேற வேற. இவ போட்டது தப்பு."

"எப்புடி தப்பு? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

வந்ததே கோபம். மீன் விற்கிறவருக்கு அரைவினை முறையை நான் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். பிறகு, நாற்பது பேர் தூங்கும் வகுப்பில் சொல்கிறோம், கேட்கிற ஒருத்தருக்குச் சொன்னால் என்ன என்றும் தோன்றியது.

"அம்புக்குறிக்கு இந்தப் பக்கம் எத்தன O இருக்கோ அந்தப் பக்கமும் அத்தன இருக்கணும். H-உம் அப்படித்தான். தலைமேல இருக்கிற பிளஸ் மைனஸையும் கூட்டினா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரணும். இல்லன்னா தப்பு."

"அப்ப எண்ணுங்க."

எண்ணினேன். பூவிழி போட்டதில் இடது பக்கம் ஆக்சிஜன் எட்டும் ஒன்றும் ஒன்பது. வலது பக்கம் நாலும் மூணும் ரெண்டும் ஒன்பது. கலைவாணி என்கூடவே விரலை மடக்கிக்கொண்டு வந்தார். ஹைட்ரஜன் இரண்டுக்கு இரண்டு. மின்சுமை இங்கே மைனஸ் மூன்று, அங்கேயும் மைனஸ் மூன்று.

"சரியா இருக்குதே" என்றார்.

அட ஆண்டவரே. அப்படியென்றால் என்னுடையது தப்பா? அதையும் எண்ணினேன். ஆக்சிஜன் எட்டுக்கு எட்டு. ஹைட்ரஜன் இரண்டுக்கு இரண்டு. மின்சுமை மைனஸ் ஒன்றுக்கு மைனஸ் ஒன்று. இன்னொரு தரமும் எண்ணினேன். அதுவும் சரியாகத்தான் இருந்தது.

"அப்ப ரெண்டு பேரும் சரியா போட்டிருக்கீங்க" என்று தீர்ப்புச் சொன்னார் கலைவாணி.

"ஒரு கேள்விக்கு ரெண்டு விடை வராதும்மா. இது அமிலக் கரைசல். அமிலத்துல H⁺ தான் இருக்கும், OH⁻ இருக்காது. இவ பாட்டுக்கு OH⁻ போட்டிருக்கா."

அதுவரை வாயைத் திறக்காத பூவிழி, "கேள்வித்தாளப் பாருங்க சார்" என்றாள்.

"கேள்விய எழுதினவனே நான்தான்."

"பாருங்க சார்."

பார்த்தேன். 'காரக் கரைசலில் சமன் செய்க' என்று இருந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வருடாவருடம் இதே கேள்வியை அமிலக் கரைசல் என்று போடுவேன். அது வரும் என்று வகுப்பிலும் சொல்லிவிடுவேன். எங்கள் முதல்வர் இருதயமேரி மேடம் இந்த முறை கேள்வித்தாளைப் பார்த்துவிட்டு, "சார், ஒரு வார்த்தையாவது மாத்தக் கூடாதா?" என்றார். கோபத்தில் ஒரே ஒரு வார்த்தையை மாற்றினேன். அமிலத்தை அடித்துவிட்டுக் காரம் என்று போட்டேன். விடைக்குறிப்பை மாற்றவில்லை. என் பேச்சை நம்பி மனப்பாடம் செய்த நான்கு பேரும் H⁺ என்று எழுதி முழு மார்க் வாங்கிப் போனார்கள்.

"எப்படிப் போட்ட? சொல்லு" என்றேன். என் குரல் இறங்கியிருந்தது.

"மொதல்ல அமிலம் மாதிரியே போட்டேன் சார். O குறையற பக்கம் தண்ணி, H குறையற பக்கம் H⁺, மின்சுமைக்கு எலக்ட்ரான். மாங்கனீசு மூணு எலக்ட்ரான் வாங்குது, புரோமைடு ஆறு விடுது. அதனால மாங்கனீச ரெண்டால பெருக்கிக் கூட்டுனேன். ரெண்டு H⁺ மிச்சம் வந்துச்சு."

"அப்புறம்?"

"காரத்துல H⁺ நிக்காதுல்ல சார். ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு OH⁻ சேத்தேன். இந்தப் பக்கம் H⁺-உம் OH⁻-உம் சேந்து ரெண்டு தண்ணி. அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு தண்ணி இருக்கு. ஒண்ண அடிச்சா இங்க ஒண்ணு மிச்சம். நீங்கதான் சொன்னீங்க, பெல் அடிச்சதுக்கப்புறம்."

பெல் அடித்த பிறகு நான் சொல்வதை ஒருத்தி கேட்டிருக்கிறாள். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இது செய்தி. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. வெட்கம்தான் முதலில் வந்தது.

முதல்வரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விடைக்குறிப்புல பிழைன்னா வம்பு வேணாம் சார். அஞ்சு பேருக்கும் அந்த ஒரு மார்க்கைப் போட்டுடுங்க. பொண்ணும் பாஸ், பிரச்சினையும் முடிஞ்சிது."

திரும்பி வந்து அதையே சொன்னேன். கலைவாணி கையெடுத்துக் கும்பிட்டார். பூவிழி கும்பிடவில்லை.

"எல்லாருக்கும் குடுக்கிறது எனக்கு வேணாம் சார். எனக்குத் திருத்திக் குடுங்க."

"ஏ, வாய மூடுடி. பாஸுன்றாரு" என்று அம்மா அவள் முழங்கையில் இடித்தார்.

"நான் சரியா போட்டேம்மா!" என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்கார்ந்து திருத்தினேன். மற்ற நால்வரின் தாளிலும் கடைசி வரிக்கு ஒரு மார்க்கைக் குறைத்தேன். நாலு பேரும் முப்பதுக்கு மேல் எடுத்தவர்கள், யாரும் சாகவில்லை. பூவிழியின் OH⁻-க்குச் சரிக்குறி போட்டேன். இருபத்திரண்டை அடித்து இருபத்து மூன்று என்று எழுதினேன். முதல்வருக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக, பக்கத்தில் நான் எழுதிய அந்தச் சிவப்பு வரியை அடிப்பதற்காகப் பேனாவை வைத்தேன்.

"அத அடிக்காதீங்க சார்" என்றாள் பூவிழி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"ஏன்?"

"மார்க்கு மாத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்ல சார். அதுக்குக் கீழ போடுங்க. அங்கதான் எடம் இருக்கு."

உண்மையில் அங்கேதான் இடம் இருந்தது. 'கேள்வியைப் படித்துவிட்டு விடை எழுதவும்' என்ற வரிக்குக் கீழே மிக்கேல் என்று கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டேன்.