ஒன்பதாவது முகம்

பதினொன்று இருபதுக்கு எட்டுப் பெண்கள் புயல் போல ஜெயப்பிரியாவின் போட்டோ கடைக்குள் நுழைந்தார்கள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் கடை. இருவர் நின்றாலே மூச்சு முட்டும்.

"யக்கா, பன்னெண்டு மணிக்குள்ள ஃபாரம் குடுக்கணும்! குடுக்கலைனா கபடியே இல்ல!" என்று கத்தினாள் கீர்த்தி. பெருநகர் ஊர் அணியின் கேப்டன்.

"அதுக்கு இன்னாத்துக்கு என் கடையை இடிக்கிறீங்க?"

கீர்த்தி ஒரு காகிதத்தை மேசையில் அறைந்தாள். எட்டு முகங்கள், அச்சிட்டது வேறெங்கோ. "கமிட்டி செக்ரட்டரி முத்துகிருஷ்ணன் ஸ்கேல் வெச்சு அளக்குறாருக்கா. சின்னதா கீதாம். திருப்பி அனுப்பிட்டாரு."

ஜெயப்பிரியாவும் ஸ்கேல் வைத்தாள். அகலம் மூன்றரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இருந்தது மூன்று புள்ளி மூன்று.

"சரியாத்தான் அடுக்கிக்கீறாங்க. பிரிண்ட் குடுக்கும்போது 'ஃபிட் டு பேஜ்' டிக்கை எடுக்கல. பேப்பருக்குள்ள அடங்கட்டும்னு மிஷின் எல்லாத்தையும் சுருக்கிடுச்சு."

பெட்டியைத் திறந்தாள். போட்டோ பேப்பர், நாலுக்கு ஆறு இஞ்ச், ஒன்றே ஒன்று. புருஷன் தமிழ்வாணன் பேப்பர் வாங்கக் காஞ்சிபுரம் போயிருக்கிறான், மாலைதான் வருவான்.

"ஒரு ஷீட்டுல எட்டுதான் வரும். நீங்க எத்தினி பேரு?"

"ஒம்போது. பச்சையம்மா கிட்ட போட்டோ ரெடியா கீதுக்கா, எடுத்துக்கினு வரா."

வெள்ளைத் திரை முன்னால் ஒவ்வொருத்தியாக நின்றார்கள். ஒருத்தி சிரித்தால் ஏழு பேர் சிரித்தார்கள். "சிரிக்காதடீ, அந்தாளு பல்லையும் அளப்பான்!" என்றாள் பரிமளா. அவ்வளவுதான், மறுபடியும் முதலிலிருந்து.

கணினியில் ஜெயப்பிரியாவின் விரல்கள் பறந்தன. மேலே நாலு, கீழே நாலு. ஒவ்வொன்றும் மூன்றரைக்கு நாலரை. நடுவில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. வெள்ளைப் பின்னணி ஆயிற்றே, எங்கே முடிகிறது என்று தெரிய ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் மயிரிழைக் கோடு. ஃபிட் டிக்கை எடுத்தாள். 'ஆக்சுவல் சைஸ்', நூறு சதவீதம். பிரிண்ட்!

ஷீட் வந்தது. ஸ்கேல் வைத்தாள். மூன்றரை, கச்சிதம். எட்டுப் பேரும் குதித்ததில் கடை அதிர்ந்தது.

"கையை ஆட்டாதீங்கடீ! ஒரு கோடு தப்புனா உங்கள்ல ஒருத்திக்குக் காது போயிடும்!"

கட்டரில் ஒவ்வொரு இடைவெளிக்கும் இரண்டு வெட்டு. எட்டாவது படம் விழும்போது பதினொன்று நாற்பத்திரண்டு.

அப்போதுதான் பச்சையம்மாள் வந்தாள், காலில் நாற்றங்கால் சேறோடு. ரெய்டுக்குப் போனால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வருபவள். பெருமையாகக் கையை விரித்தாள்.

உள்ளங்கையில் ஸ்டாம்ப் சைஸ் போட்டோ.

"ஐயோ, மூதேவி! இதை அந்தாளு பூதக்கண்ணாடி வெச்சித்தான் பார்ப்பான்!" கீர்த்தி தலையில் கைவைத்தாள். "ஒம்போது கட்டமும் ரொம்பணுமாம். ஒண்ணு காலியா இருந்தாலும் டீம் கேன்சல்!"

"நான் இன்னா பண்ண? போட்டோன்னீங்க, போட்டோ கொண்டாந்தேன்!"

பேப்பர் தீர்ந்துவிட்டது. ஜெயப்பிரியா குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். காலையில் ஒருத்தர் நாலே படம் கேட்டிருந்தார். அந்த ஷீட்டின் மிச்சப் பாதி, ஐந்து சென்டிமீட்டர் உயரப் பட்டை, வழவழவென்று வெள்ளையாக! ஆனால் அத்தனை சின்னத் துண்டை பிரிண்டர் இழுக்காது.

"திரை முன்னாடி நில்லு!"

ஒரே கிளிக். சாதாரண ஏ-ஃபோர் தாளில் அந்த ஒற்றைப் படத்தை அச்சடித்தாள். அது விழுந்த இடத்தின் மேல் பட்டையை வைத்து, ஓரங்களை டேப்பால் தட்டையாக ஒட்டினாள். அதே தாள், அதே பக்கம், அதே வாட்டம். மறுபடி உள்ளே விட்டாள். செட்டிங்கில் போட்டோ பேப்பர் என்று மட்டும் மாற்றினாள்.

பிரிண்டர் கரகரத்தது. ஒன்பது பேர் மூச்சைப் பிடித்தார்கள். பத்தாவது ஜெயப்பிரியா.

பட்டையின் நட்டநடுவில் பச்சையம்மாள் முறைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வெட்டினாள். ஓடினார்கள். ஜெயப்பிரியாவும் ஷட்டரை இறக்கிவிட்டு, ஏன் என்று தெரியாமலே கூட ஓடினாள்.

மைதானம். பதினொன்று ஐம்பத்தேழு. முத்துகிருஷ்ணன் ஒவ்வொரு படத்தின் மீதும் ஸ்கேல் வைத்தார். ஒன்பதாவதில் மட்டும் இரண்டு தடவை.

"மூன்றரை... நாலரை..." குரலில் ஏமாற்றம். "சரியாத்தான் கீது."

முத்திரை விழுந்தது. பச்சையம்மாள் ஸ்கேலைப் பிடுங்கி, அவர் சட்டையில் தொங்கிய கமிட்டி அட்டையிலிருந்த படத்தின் மேல் வைத்தாள்.

"அண்ணாத்த, உங்குளுது மூணு புள்ளி ஆறு கீதே!"

"ஓரமே விடாம பார்டர்லெஸ்ல அடிச்சிக்கீறாங்க, படம் ஊதிப்போச்சு," என்றாள் ஜெயப்பிரியா, மூச்சிரைக்க. "சாயங்காலம் பேப்பர் வந்துடும். வாங்க, சின்னதாக்கித் தரேன்."