சந்தனம் ஒட்டிய நாலாம் பக்கம்

1979 ஆவணியில் பெருமாள்மலை புதன் சந்தை தொடங்கிய நாளிலிருந்தே, கல்பாலத்து ஓரத்தில் கடை போட்ட ஆறு பெண்களின் சரக்குக்கு எடை இல்லை. ஒரு தட்டில் கிலோ கல்லை வைத்து மறு தட்டில் பேரிக்காயைக் குவித்தாலும் கல் தட்டு தரையை விட்டு எழும்பாது. அதே காயைப் பத்தடி தள்ளிப் பூண்டு வரிசையில் நிறுத்தால் சரியாக நிற்கும். முத்திரை ஆய்வாளர் வந்து கல்லையும் முள்ளையும் சங்கிலியையும் சோதித்து, குறை ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட காய்கள் பூண்டு வரிசைக்கு வந்த பிறகுதான் கனத்தன. அதையும் எழுதலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

சந்தையைத் திறந்து வைத்தவர் வியாபாரிகள் சங்கத் தலைவர் சுந்தரராஜ், இரும்புக்கடைக்காரர். அந்த ஊர் வழக்கப்படி தலைவர் தம் பேச்சில் வரிசை வரிசையாக இடம் சொல்ல வேண்டும்; சொல்லாத வரையில் யாரும் சாக்கு விரிக்க மாட்டார்கள். அன்றும் வாசல் வளைவில் சந்தனம் குங்குமம் கொடுத்து வரவேற்று, மாலை போட்டு, மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிவிட்டார்கள். எழுதிக் கொண்டுவந்த ஆறு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். பஞ்சாயத்துத் தலைவருக்கும், தெருவை விட்டுக்கொடுத்த வீட்டுக்காரர்களுக்கும் நன்றி சொன்னார். சந்தை காலை ஆறிலிருந்து இரண்டு மணி வரை. பஸ் போக பன்னிரண்டு அடி விட வேண்டும். சுங்கம் கட்டினால் ரசீது கேட்டு வாங்க வேண்டும். பத்து மணிக்கு முன்னால் தரகர்கள் பாதையிலேயே மூட்டையை மறித்து வாங்கக் கூடாது. கூறு கட்டி விற்கக் கூடாது, முத்திரைத் தராசில்தான் நிறுக்க வேண்டும், மீறினால் இடம் பறிபோகும் என்றார். மேல்மலைப் பூண்டும் கிழங்கும் முதல் வரிசை, ஆடலூர் மிளகும் வாழையும் இரண்டாவது, துணியும் பாத்திரமும் மூன்றாவது. பிறகு ரிப்பனை வெட்டினார். கைதட்டல் நன்றாகவே விழுந்தது.

கல்பாலம் அந்தப் பேச்சில் வரவில்லை. யாரும் அதைக் கவனிக்கவில்லை. காலியாகக் கிடக்கிறதே என்று சிலோனிலிருந்து வந்த அந்தப் பெண்கள் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். தீபாவளிக்குள் ஐந்து பேர் தோட்டத்துக் கூலிக்குத் திரும்பிவிட்டார்கள். மூக்கம்மா மட்டும் போகவில்லை. பழத்தோட்டத்தில் மரக்குத்தகை எடுத்திருந்தாள். காய் விற்றால்தான் அடுத்த வருசம் மரம். வேறு வழியில்லாமல் கூறு கட்டி விற்றாள். மூன்று வருசம் எல்லோரும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

1982-ல் பாத்திரக்காரர்கள் அந்த இடத்தைக் கேட்டார்கள். விதி விதிதான் என்று சுந்தரராஜ் கிளம்பி வந்தார். முதலில் தராசைத் தாமே பிடித்துப் பார்த்தார். மனுசனுக்கு ஆர்வம் தாங்கவில்லை; காயை எடுத்தார், வைத்தார், கூடையையே தட்டில் கவிழ்த்தார். கல் தட்டு அசையவில்லை.

"இலங்கையில கொழுந்து நிறுத்தப்ப முள்ளு கங்காணி பக்கமே சாயுமுங்க" என்றாள் மூக்கம்மா. "இங்க அதுவும் இல்ல. உங்க பேச்சுல எங்க எடம் எங்கன்னு காத்துக்கிட்டு நின்னேன். நீங்க நன்றி சொல்லி முடிச்சிட்டீங்க."

"நான் எல்லாத்தையும் வாசிச்சேனே."

"அப்ப இது எனக்கு இல்லாத எடந்தானுங்களே."

அவருக்குச் சுருக்கென்றது. கடைக்குப் போய்ப் பழைய கோப்பை எடுத்துப் பேச்சை விரித்தார். மூன்றாம் பக்கத்திலிருந்து நேரே ஐந்துக்குப் போயிருந்தது. அவர் விரலில் இருந்த வரவேற்புச் சந்தனம் நாலாம் பக்கத்தை மூன்றோடு ஒட்டிவிட்டிருந்தது. கத்தி முனையால் பிரித்தார். 'கல்பாலத்தை ஒட்டிய இடம்' என்பது தெரிந்தது. அடியில் இருந்த பேர்களைச் சந்தனம் தின்றிருந்தது. தாமே எழுதிய ஆறு பேரில் ஒருத்தி பேர்கூட அவருக்கு நினைவில்லை. அதுதான் அவரை ரொம்ப வெட்கப்பட வைத்தது.

திரும்பி வந்து, சந்தை பார்க்க, பேர் கேட்டார். கவிழ்த்த காய் அப்படியே இருந்த தராசை மூக்கம்மா தூக்கிப் பிடித்து, தன் பேரைக் கடைசியில் வைத்து ஆறையும் சொன்னாள். மைக் இல்லை, மாலை இல்லை. சுந்தரராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, தொண்டையைச் செருமி, "பெரியோர்களே, வியாபாரப் பெருமக்களே" என்று தொடங்கி நாலாம் பக்கத்தை முழுதாக வாசித்தார். குஞ்சம்மாள், லெட்சுமி, பொன்னுத்தாய், அழகம்மாள், அன்னக்கொடி என்று சொல்லி, மூக்கம்மா என்றதும் காய்த்தட்டு தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. கூடையையே கவிழ்த்திருந்தாரே, கீழே வராமல் என்ன செய்யும். அவள் அழவில்லை. அதிகப்படியான காய்களை ஒவ்வொன்றாக எடுத்து முள்ளை நேராக்கினாள், பிறகு "ஒரு கிலோ சரியா இருக்குங்க, எடுத்துக்கங்க" என்று அவரிடமே நீட்டினாள்.

அடுத்த புதன்கிழமை மற்ற ஐந்து பேரும் வந்து சாக்கு விரித்தார்கள். பெருமாள்மலையில் எதைத் திறந்தாலும் இப்போது பேச்சு முடிந்த பிறகுதான் சந்தனம் கொடுக்கிறார்கள்.